படத்தில் இல்லாத ஆண்பால், பெண்பால்: அரபியில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் எழுதிய போஸ்டர், அறிவிப்புப் பலகை, கடை விளம்பரம் போன்ற படங்களை அரபிக்கு மாற்றும்போது பெரும்பாலான பிழைகள் அகராதியால் வருவதில்லை. ஆங்கிலம் சொல்லாமல் விட்ட ஒன்றை அரபி கட்டாயம் கேட்கும் இடத்தில்தான் வருகின்றன. 'யூ' என்றால் ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா பலரா என்று ஆங்கிலத்துக்குக் கவலையில்லை. அரபியில் கட்டளைச் சொல் எழுதவேண்டும் என்றாலே இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். தெரியாதபோது பலர் கை தானாக ஆண்பால் ஒருமைக்குப் போய்விடும், ஏனென்றால் அகராதியிலும் பாடப்புத்தகத்திலும் முதலில் நிற்பது அதுதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கைகழுவும் போஸ்டர் உங்களுக்குத் தெரிந்திருக்கும், மருத்துவமனைக் கழிப்பறைகளில் வாஷ்பேசினுக்கு மேலே ஒட்டியிருப்பார்கள். அதே மாதிரி ஒரு போஸ்டரை அரபியில் நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மேலே 'வாஷ் யுவர் ஹேண்ட்ஸ்' என்று தலைப்பு, அதன் கீழே 40 முதல் 60 வினாடி என்று நேரம், பிறகு கையை நனை, சோப்பு போடு, தேய், அலசு, துடை என்று படிகள், கடைசியில் உங்கள் கைகள் இப்போது பாதுகாப்பானவை என்று ஒரு வரி.

தலைப்பை 'இக்ஸில் யதைக்' என்று எழுதினால் அது ஓர் ஆணிடம் பேசுவது. 'இக்ஸிலீ யதைக்' என்றால் ஒரு பெண்ணிடம். 'இக்ஸிலூ அய்தியகும்' என்றால் பலரிடம், ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கும் இதுவே பொருந்தும். பெண்கள் மட்டுமே இருக்கும் பள்ளி என்றால் 'இக்ஸில்ன அய்தியகுன்ன'. முதல் தவறு இங்கேதான் நடக்கிறது: போஸ்டரில் வரைந்திருப்பது வெறும் இரண்டு கைகள், முகம் இல்லை, ஆனாலும் மொழிபெயர்ப்பவர் முதல் வடிவத்தை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அது இலக்கணப் பிழை அல்ல, அரபு நாடுகளிலும் பலகைகளில் ஆண்பால் ஒருமைக் கட்டளை நிறைய உண்டு. ஆனால் அந்த போஸ்டர் பிரசவ வார்டிலோ பெண்கள் கழிப்பறையிலோ ஒட்டப்படும்போது அதைப் படிக்கும் அத்தனை பேரிடமும் தவறான ஆளிடம் பேசுவதுபோல நிற்கும். அதனால் எழுதும் முன் கேட்கவேண்டிய கேள்வி இது எங்கே ஒட்டப்படும், யார் படிப்பார்கள் என்பது. படத்தை அனுப்பியவரிடம் ஒரு வரி கேட்டுவிடுங்கள். பல நேரம் படத்தின் கோப்புப் பெயரிலேயே வார்டு பெயர் இருக்கும்.

சரி, கேட்டும் பதில் வரவில்லை, அல்லது எல்லா இடத்திலும் ஒட்டப்போகிறார்கள். அப்போது எந்தப் பாலைத் தேர்வது என்று யோசிப்பதைவிட, பாலே தெரியாத வடிவம் இருக்கிறதா என்று பாருங்கள். அரபியில் அதற்கு நல்ல வசதி மஸ்தர், அதாவது தொழிற்பெயர். 'கஸ்லுல் யதைன்' என்றால் கைகளைக் கழுவுதல், யாரிடம் பேசுகிறோம் என்பதே அதில் இல்லை. முன்னால் 'யுர்ஜா' சேர்த்தால் மரியாதையான வேண்டுகோள் ஆகிவிடும். கீழே வரும் படிகளுக்கும் இது அழகாகப் பொருந்தும்: தப்லீல் (நனைத்தல்), ஃபர்க் (தேய்த்தல்), ஷத்ஃப் (அலசுதல்), தஜ்ஃபீஃப் (துடைத்து உலர்த்துதல்). தொடாதீர்கள் என்ற பலகைக்கு 'மம்னூஉல் லம்ஸ்' என்று போடுவதும் இதே வழிதான்.

ஆனால் மஸ்தரை எல்லா இடத்திலும் திணிப்பதும் தவறு. படிகளில் அது இயல்பாக இருக்கும், மக்களை நேரடியாகக் கூப்பிடும் பிரசாரத் தலைப்பில் அது அலுவலகக் கோப்பு மாதிரி விறைப்பாக இருக்கும். அங்கே 'இக்ஸிலூ அய்தியகும்' என்ற பன்மைதான் என் தேர்வு. தமிழில் 'கழுவுங்கள்' என்று சொல்லிப் பழகிய நமக்கு அது எளிதாகவும் வரும். ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும், தலைப்பில் பன்மை எழுதிவிட்டு கீழே படிகளில் ஒருமைக் கட்டளைக்கு மாறக்கூடாது. தலைப்பு பன்மை, படிகள் மஸ்தர் என்றால் பரவாயில்லை, மஸ்தர் யாரிடமும் பேசவில்லை. தலைப்பு பலரிடமும் படிகள் ஒருவனிடமும் பேசினால் இரண்டு போஸ்டர்களை வெட்டி ஒட்டியது போலத் தெரியும்.

இன்னொரு வழி பலருக்குத் தெரிந்தும் கவனிக்காமல் கெடுத்துவிடுவது. அரபியில் குறில் உயிர்களை எழுதுவதில்லை அல்லவா, அதனால் சில வடிவங்களில் ஆண்பாலும் பெண்பாலும் தாளில் ஒன்றாகவே இருக்கும். 'கைகளைக் கழுவினீர்களா' என்று கேட்க 'ஹல் கஸல்த யதைக்க' என்பது ஆணுக்கு, 'ஹல் கஸல்தி யதைக்கி' என்பது பெண்ணுக்கு, ஆனால் குறில் உயிரைக் காட்டும் ஹரகத் குறிகள் இல்லாமல் எழுதினால் இரண்டும் ஒரே எழுத்துகள்தான். படிப்பவர் தனக்கு ஏற்றபடி படித்துக்கொள்வார். தலைப்பைக் கேள்வியாக மாற்ற அனுமதி இருந்தால் இது அருமையான தீர்வு. இதைக் கெடுக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, டிசைனர் அழகுக்காக எழுத்துக்கு மேலே 'அ' ஒலியைக் காட்டும் ஃபத்ஹா போட்டுவிடுவது, அந்த ஒரு கோட்டில் அது ஆண்பால் ஆகிவிடும். மற்றொன்று, பெண்ணுக்கும் பொருந்தவேண்டும் என்று நினைத்து 'கஸல்தி' என்பதன் கடைசியில் யா எழுத்தைச் சேர்ப்பது. பேச்சு வழக்கில் சாட் செய்பவர்கள் அப்படி எழுதுவார்கள், எழுத்து அரபியில் அது பிழை, அதோடு பொதுவாக இருந்த வாக்கியம் பெண்ணுக்கு மட்டும் ஆகிவிடுகிறது. அதனால் இந்த வழியை எடுத்தால், இந்த வரியில் ஹரகத் வேண்டாம் என்று டிசைனருக்குத் தனியாகக் குறிப்பு எழுதிக் கொடுங்கள்.

சாய்கோடு போட்டு இரண்டு வடிவத்தையும் எழுதுவது இன்னொரு பழக்கம். விண்ணப்பப் படிவத்தில் மாணவன்/மாணவி என்ற இடத்தில் அது சரி. சுவரில் தூரத்திலிருந்து படிக்கவேண்டிய கட்டளைக்கு அது சரிப்படாது, ஒவ்வொரு வினைச்சொல்லிலும் ஒரு கோடும் ஒரு யாவும் தொங்கிக்கொண்டிருந்தால் கண் தடுக்கும். செயலிகள் என்றால் வேறு கதை. பயனர் யார் என்று செயலிக்குத் தெரிய வழி உண்டு; டுவிட்டர் 2021இல் அரபியில் பெண்பாலில் பேசும் வடிவத்தைத் தனி மொழித் தேர்வாகவே கொடுத்தது. படத்துக்கு அந்த வசதி இல்லை, ஒருமுறை அச்சாகிவிட்டால் எல்லோரிடமும் ஒரே மாதிரிதான் பேசும்.

இப்போது கடைசி வரிக்கு வருவோம், தமிழ் பேசும் நாம் அதிகம் சறுக்கும் இடம் இது. நமக்குக் கை அஃறிணை. அரபியில் அஃறிணைப் பால் கிடையாது, ஒவ்வொரு பொருளும் ஆண்பால் அல்லது பெண்பால், கை பெண்பால். அதோடு கைகள் இரண்டு, அரபியில் இருமைக்குத் தனி வடிவம் உண்டு. ஒருவரிடம் பேசினால் 'யதாக் அல்ஆன ஆமினதான்' என்று வரும், பெயரடை பெண்பால் இருமையில். கேட்பவர் ஆணா பெண்ணா என்பது ஹரகத் இல்லாத எழுத்தில் மறைந்திருக்கும், ஆனால் கையின் பாலையும் எண்ணையும் மறைக்க முடியாது. பலரிடம் பேசினால் 'அய்தீகும் அல்ஆன ஆமினா'. மனிதர் அல்லாதவற்றின் பன்மைக்குப் பெண்பால் ஒருமைப் பெயரடை என்பது விதி. ஆங்கிலத்தில் பன்மை இருக்கிறதே என்று இங்கே மனிதர்களுக்கான ஆண்பால் பன்மை விகுதியைப் போட்டால், கைகள் பல ஆண்களாகிவிடும். கேட்பவரின் பாலும் பேசப்படும் பொருளின் பாலும் வேறு வேறு கேள்விகள், முதலாவதை மறைக்கலாம், இரண்டாவதைத் தெரிந்துதான் எழுதவேண்டும்.

கடை விளம்பரப் படங்களில் அந்தப் பொருளே எழுத்தில் இருக்காது, மூலையில் ஒரு சின்ன வட்டத்தில் 'நியூ' என்று மட்டும் இருக்கும். படத்தில் இருப்பது கைப்பை என்றால் ஹகீபா பெண்பால், ஆகவே 'ஜதீதா'. ஷூ என்றால் ஹிதா ஆண்பால், ஆகவே 'ஜதீத்'. அதே வட்டத்தை எல்லாப் பொருளுக்கும் ஒட்டப்போகிறார்கள் என்றால் 'ஜதீதுனா' என்று எழுதலாம், எங்களிடம் வந்திருக்கும் புதியது என்ற பொருளில் அதுவே பெயர்ச்சொல்லாக நிற்கும், எதோடும் ஒத்துப்போக வேண்டியதில்லை. 'சோல்ட் அவுட்' என்பதற்கு அரபுக் கடைகளில் 'நஃபிததில் கம்மிய்யா' என்று எழுதுவதிலும் இதே புத்திசாலித்தனம் இருக்கிறது. சரக்கின் அளவு தீர்ந்தது என்று சொல்கிறார்கள், அளவு என்ற சொல் வாக்கியத்துக்குள்ளேயே இருப்பதால் வினை அதற்கு மட்டும் ஒத்துப்போனால் போதும்.

எண்ணிலும் ஒரு பொறி உண்டு. போஸ்டரில் 40 முதல் 60 'செகண்ட்ஸ்' என்று ஆங்கிலம் பன்மையில் இருக்கும். அரபியில் 3 முதல் 10 வரைதான் பன்மை 'ஸவானின்', 11 முதல் 99 வரை ஒருமை, ஆகவே 40க்கும் 60க்கும் 'ஸானியா' என்றுதான் எழுதவேண்டும். எண்ணை இலக்கத்திலேயே விடுங்கள், சொல்லாக எழுதினால் எண்ணின் பாலும் சேர்ந்து தொல்லை தரும். எண் பிறகு நிரப்பப்படும் படம், அதாவது இன்னும் இத்தனை நாட்கள் என்று காலியிடம் விட்ட போஸ்டர் என்றால், பெயர்ச்சொல்லை எண்ணுக்குப் பின்னால் வைக்காதீர்கள். 'அததுல் அய்யாமில் முதபக்கியா' (மீதி நாட்களின் எண்ணிக்கை) என்று எழுதி முக்காற்புள்ளி போட்டுவிட்டால் அதன் பிறகு 2 வந்தாலும் 15 வந்தாலும் வாக்கியம் உடையாது.

இவ்வளவு சொன்ன பிறகு எதிர்ப்பக்கத் தவறையும் சொல்லவேண்டும். பொதுவாக எழுதவேண்டும் என்ற ஆர்வத்தில், பால் தெளிவாகத் தெரியும் இடத்திலும் சிலர் அதை அழித்துவிடுகிறார்கள். எக்ஸ்ரே அறைக் கதவில், கர்ப்பமாக இருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள் என்ற பலகை இருக்கும். ஆங்கிலத்தில் வெறும் 'யூ'தான், ஆனால் இது பெண்ணிடம்தான் பேசுகிறது. இங்கே 'அக்பிரீ' என்று பெண்பால் கட்டளை வரவேண்டும், 'நீ இருந்தால்' என்ற இடத்தில் வரும் 'குன்தி' என்பதில் தா எழுத்துக்குக் கீழே 'இ' ஒலியைக் காட்டும் கஸ்ராவும் போட்டுவிடுங்கள். அதே வாக்கியத்தில் கர்ப்பிணி என்பதற்கு 'ஹாமில்' என்ற சொல் ஆண்பால் போலத் தெரிகிறதே என்று கடைசியில் பெண்பால் விகுதியான தா மர்பூத்தா சேர்க்கவும் கூடாது. பெண்களுக்கே உரிய நிலை என்பதால் அந்தச் சொல்லுக்கு அந்த விகுதி தேவையில்லை, சேர்த்தால் எதையோ சுமந்து போகிறவள் என்ற பொருளுக்குப் போய்விடும். கதிர்வீச்சு எச்சரிக்கையில் வாசிப்பவள் ஒரு நொடிகூடத் தடுமாறக்கூடாது, அதனால் இந்த ஒரு பலகையை மட்டுமாவது அச்சுக்குப் போகும் முன் அரபி தாய்மொழியாக உள்ள ஒரு பெண்ணிடம் காட்டி, இது தன்னிடம் பேசுவதாகத் தெரிகிறதா என்று கேட்டுவிடுங்கள்.