கொமட் விளிம்பின் கீழ் கறையா? பிளீச் ஊற்றாதீர்கள்

பிளஷ் பண்ணும்போது தண்ணீர் வேகமாக வரவில்லை என்றதும் பலர் தொட்டிக்குள் இருக்கிற சாமானைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து வீட்டிலும் முழுச் செட்டும் புதிதாகப் போட்டார்கள். தண்ணீரோ பழையபடி ஒரு பக்கத்தால்தான் வழிந்தது. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியை விளிம்பின் கீழே பிடித்துப் பார்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. தண்ணீர் வரவேண்டிய துளைகளில் பாதிக்கு மேல் மஞ்சள் கல்லாக அடைத்துக் கிடந்தன.

வன்னியில் பல கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் வருவது கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிற சுண்ணாம்புத் தண்ணீர். அந்தப் படிவுதான் விளிம்பின் கீழும் இறுகுகிறது. பிளீச் அதன் நிறத்தை வெளுக்கும், கல்லைக் கரைக்காது. வெள்ளையாகிவிட்டதால் சுத்தம் என்று நினைப்போம், துளை அப்படியே அடைபட்டிருக்கும். தண்ணீரில் இரும்பு இருந்தால் பிளீச் அதைத் துருவாக்கிப் படியவிட்டு, கபிலக் கறையைக் கூட்டியும் விடும்.

கல்லைக் கரைக்க அமிலம் வேண்டும். சாதாரண வினாகிரியே போதும், ஆனால் ஊற்றினால் வழிந்து போய்விடும், அங்கே நிற்காது. ரொயிலற் பேப்பரை வினாகிரியில் ஊறவைத்து, கையுறை போட்டுக்கொண்டு விளிம்பின் அடியில் சுற்றிவரத் திணியுங்கள். இரவு முழுக்க விட்டு, காலையில் பேப்பரை எடுத்து குப்பையில் போடுங்கள், குழிக்குள் தள்ள வேண்டாம். அப்புறம் பழைய பல் பிரஷால் தேய்த்து, துளைகளைப் பிளாஸ்டிக் குச்சியால் கிண்டுங்கள். கம்பியும் இரும்புப் பஞ்சும் பளபளப்பைக் கீறும், கீறிய இடத்தில் கறை முன்னையைவிட வேகமாகப் பிடிக்கும். தடித்த படிவு ஒரே இரவில் போகாது, இன்னொரு தரம் செய்யத்தான் வேண்டும்.

முதல் நாள் பிளீச் போட்டிருந்தால், நன்றாகப் பல தரம் பிளஷ் பண்ணாமல் வினாகிரியைத் தொடவே தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன அறைக்குள் அது மூச்சை அடைத்துவிடும்.

சரி, மேலே உள்ள தொட்டி. அதற்குள் பிளீச் வில்லை போட்டு வைப்பது ரப்பர் வாசருக்குக் கூடாது. இரவு பகலாக அதில் ஊறி ரப்பர் விறைத்து, தண்ணீர் சத்தமில்லாமல் கசியத் தொடங்கும். சுவரிலுள்ள வால்வைப் பூட்டி, ஒரு தரம் பிளஷ் பண்ணித் தொட்டியை வெறுமையாக்கி, அடியிலுள்ள சேற்றைத் துணியால் துடைத்தெடுத்தால் போதும். மிதவையின் கையை வளைக்காமல் கவனமாகத் துடையுங்கள். பிறகு தொட்டி நிரம்பியதும் கேக்குக்குப் போடும் கலரில் சில துளி விட்டு, பிளஷ் பண்ணாமல் கால் மணித்தியாலம் பொறுங்கள். கொமட்டுக்குள் நிறம் இறங்கினால் வாசரை மாற்றுங்கள், மூடியையும் திருப்பி மூடுங்கள். பாவிக்காத ரொயிலற்றில் திறந்து கிடக்கிற தொட்டியைத்தான் டெங்கு நுளம்பு தேடும்.