மேற்கோளில் முப்புள்ளியும் பகர அடைப்பும்: பொருள் மாறாமல் சுருக்குவது எப்படி?

பிறர் எழுதியதை எடுத்தாளும்போது நமக்கு வேண்டாத சொற்களை நீக்கினால் அந்த இடத்தில் முப்புள்ளி ( ... ) இடுகிறோம், நாமாக ஒரு சொல்லைச் சேர்த்தால் அதைப் பகர அடைப்புக்குள் [ ] வைக்கிறோம். பிறை அடைப்பு ( ) மூல ஆசிரியருக்கே உரியது என்பதால் நம் சொல்லை அதற்குள் இடக்கூடாது. இட்டால் அதை எழுதியவர் யார் என்று வாசகருக்குத் தெரியாது.

குறிகளைச் சரியாக இட்டபிறகும் மேற்கோள் பொய் சொல்லக்கூடும். பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு பத்தியை வைத்து இதைப் பார்ப்போம்.

"எங்கள் ஊர் ஏரியை 2019-இல் தூர்வாரியபோது கரையைப் பலப்படுத்தும் வேலையும் சேர்ந்தே நடந்தது. அதனால் அடுத்த ஆண்டு நீர் அதிகம் தேங்கியது என்று ஊரில் பலர், குறிப்பாகக் கடைமடை உழவர்கள், சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு மழையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெய்ததால், தூர்வாரியதே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்."

முதல் படி: வெட்டுவதற்கு முன் வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்

தமிழில் வினைமுற்று இறுதியில் வருகிறது. "இல்லை", "மாட்டேன்", "என்கிறார்கள்", "எனின்" ஆகியவையும் பெரும்பாலும் அங்கேயே வருவதால், வாக்கியத்தின் வாலை நறுக்குவதுதான் நம் மொழியில் மிகவும் ஆபத்தான வெட்டு. "அதனால் அடுத்த ஆண்டு நீர் அதிகம் தேங்கியது ..." என்று நிறுத்தினால், ஊரார் சொன்னது ஆசிரியரின் முடிவாகிவிடுகிறது. ஒரு சொல்லும் மாறவில்லை, முப்புள்ளியும் இருக்கிறது, ஆனாலும் ஆசிரியர் ஏற்க மறுத்த கூற்று அவர் வாயில் திணிக்கப்பட்டுவிட்டது.

திருக்குறளிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. "பொய்மையும் வாய்மை யிடத்த" என்பதோடு நிறுத்தி, பொய்யும் மெய்யாகும் என்று வள்ளுவர் சொன்னதாக எழுதலாம். ஆனால் 292ஆம் குறள் "புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று முடிகிறது: குற்றமற்ற நன்மையைத் தருமானால் மட்டுமே. அந்த நிபந்தனை போனால் குறளே போய்விடுகிறது.

இரண்டாம் படி: இடையில் வெட்டினால் சுட்டுச்சொற்களைச் சோதியுங்கள்

"எங்கள் ஊர் ஏரியை 2019-இல் தூர்வாரியபோது ... அதனால் அடுத்த ஆண்டு நீர் அதிகம் தேங்கியது என்று" எனச் சுருக்கினால், கரை வேலை காணாமல்போய், "அதனால்" தூர்வாரியதை மட்டும் சுட்டுவதாக மாறிவிடுகிறது. அது, இது, அவர், அதனால், இவ்வாறு போன்ற சொற்கள் எஞ்சியிருந்தால் அவை சுட்டும் பொருளும் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடையே "குறிப்பாகக் கடைமடை உழவர்கள்" என்பதை நீக்குவதில் தவறில்லை. "பலர்" என்பதன் பொருள் அதனால் மாறுவதில்லை. கடைமடைப் பாசனம்தான் உங்கள் கட்டுரையின் பொருள் என்றால் மட்டும் அதை விடக்கூடாது.

மூன்றாம் படி: பகர அடைப்புக்குள் பத்தியே தரும் தகவலை மட்டும் நிரப்புங்கள்

"அடுத்த ஆண்டு" என்பதற்குப் பதில் "[2020-இல்]" என்று எழுதலாம், ஏனெனில் முந்தைய வாக்கியத்தில் 2019 இருக்கிறது. "அதனால்" என்பதை "[தூர்வாரியதால்]" என்று மாற்றுவது தவறு. ஆசிரியர் ஒரு வேலையைச் சொல்கிறாரா, இரண்டையுமா என்பது பத்தியில் தெளிவாக இல்லை. தெளிவற்றதை அடைப்புக்குள் தீர்த்துவைப்பது நம் வேலையல்ல. அத்தகைய விளக்கத்தை மேற்கோளுக்கு வெளியே, நம் வாக்கியத்தில் எழுதுவதே நேர்மை. "[தவறாக]", "[வியப்பாக]" போன்ற அபிப்பிராயங்களையும் அடைப்புக்குள் நுழைக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இந்தப் பழக்கம் பிழையான வெட்டைவிடக் கூடுதலாக எரிச்சலூட்டும். மாற்றும் சொல்லில் மூலத்தின் வேற்றுமை உருபு இருந்தால் அதையும் காக்க வேண்டும். "அவரை" என்பதற்குப் பதில் "[செயலர்]" என்று இட்டால் வாக்கியம் குலையும், "[செயலரை]" என்பதே பொருந்தும்.

மூலத்தில் எழுத்துப்பிழை இருந்தால் திருத்தாமல் அதன்பின் "[மூலத்தில் உள்ளபடி]" என்று குறிக்கலாம். மூலத்திலேயே முப்புள்ளி இருந்தால் நீங்கள் இடுவதை "[...]" என்று அடைப்புக்குள் வைத்துப் பிரித்துக் காட்டுங்கள்.

நான்காம் படி: சரிபார்த்தல்

மூலத்தைப் படிக்காத ஒருவரிடம் சுருக்கிய மேற்கோளைக் கொடுத்து, ஆசிரியர் எதை உறுதியாகச் சொல்கிறார் என்று கேளுங்கள். அவர் விடை மூலத்தோடு ஒத்துப்போகாவிட்டால் நீக்கியவற்றில் எதையோ திரும்பச் சேர்க்க வேண்டும். நம் பத்தி இப்படி நிற்கும்:

தூர்வாரும் வேலையும் கரை வேலையும் சேர்ந்தே நடந்ததைக் கூறிவிட்டு அவர் எழுதுகிறார்: "அதனால் [2020-இல்] நீர் அதிகம் தேங்கியது என்று ஊரில் பலர் ... சொல்கிறார்கள். ஆனால் அந்த ஆண்டு மழையும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பெய்ததால், தூர்வாரியதே காரணம் என்று நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன்."

இதில் நீக்கியவை முதல் வாக்கியமும் மூன்று சொற்களும்தான். முதல் வாக்கியத்தின் செய்தி முன்னுரையாக வெளியே வந்துவிட்டதால் "அதனால்" தொங்கலாக நிற்கவில்லை. "மாட்டேன்" அதன் இடத்திலேயே இருக்கிறது.