‘இஎம்ஐ இன்னும் ஆரம்பிக்கலை’ என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு

வங்கியில் வீட்டுக் கடன் பிரிவில் பல வருஷம் உட்கார்ந்திருந்தவன் நான். ஓய்வு பெற்ற பிறகும், சொந்த மனையில் வீடு கட்டும் உறவுக்காரர்களும் தெருக்காரர்களும் கடன் பேப்பர்களை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். வட்டி விகிதத்தை நாலு வங்கியில் விசாரியுங்கள், கையெழுத்துப் போடுமுன் படியுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லாருக்கும் தெரியும். கட்டுமானம் நடக்கும் மாதங்களில் பணம் எங்கே ஒழுகுகிறது என்பதுதான் பலருக்குப் பிடிபடுவதில்லை.

வங்கிப் பணம் முதலில் வரும் என்று நம்புவது

மதிப்பீடு 45 லட்சம், கடன் 30 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 15 லட்சம் உங்கள் பங்கு. அந்தப் பங்கு முதலில் இறங்க வேண்டும் என்றுதான் வங்கி எதிர்பார்க்கும். அஸ்திவாரமும் பேஸ்மெண்டும் உங்கள் காசில் எழும்பி நின்ற பிறகே முதல் தவணை வரும். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தப் பணத்தை வேறு செலவுக்குத் திருப்பிவிட்டவர்கள் பேஸ்மெண்டிலேயே நிற்பார்கள்.

இன்னொன்று. காண்ட்ராக்டர் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பணம் கேட்பார். வங்கியோ அந்தக் கட்டம் முடிந்த பிறகு, இன்ஜினியர் சர்ட்டிபிகேட்டும் வேல்யூவர் ரிப்போர்ட்டும் பார்த்துத்தான் பணம் விடும். ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின வாரம் கம்பியும் சிமெண்ட்டும் வாங்கியாக வேண்டும். அதற்கான பணம் கான்கிரீட் போட்ட பிறகுதான் வரும். அந்த இடைவெளியைத் தாங்க நாலைந்து லட்சம் கையில் இல்லையென்றால் வேலை நிற்கும். வேலை நின்றாலும், ஏற்கெனவே வாங்கிய தவணைக்கு வட்டி நிற்காது. காண்ட்ராக்டரோடு ஒப்பந்தம் எழுதும்போதே வங்கியின் கட்டங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

கடைசித் தவணையை எடுக்காமல் விட்டுவிடுவது

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு கடுதாசியில் தீர்கிற விஷயம் இது.

கட்டுமானக் காலத்தில் நீங்கள் மாதாமாதம் கட்டுவது இஎம்ஐ அல்ல. அதுவரை வாங்கிய தொகைக்கான வட்டி மட்டும். ப்ரீ-இஎம்ஐ என்பார்கள். அதில் அசலுக்கு ஒரு ரூபாய்கூடப் போகாது. பல வங்கிகளில், முழுத் தொகையும் கொடுத்து முடிந்த பிறகுதான் இஎம்ஐ தொடங்கும். 20 வருஷம் என்று எழுதியிருக்கிறார்களே, அந்தக் கணக்கும் அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கும்.

ஒரு தம்பதி வந்திருந்தார்கள். 30 லட்சம் கடன், 9 சதவீத வட்டி. லிண்டல் மட்டத்தில் 8 லட்சம் வாங்கினார்கள். மாத வட்டி 6,000 ரூபாய். ரூஃப் போட்டதும் 10 லட்சம். வட்டி 13,500 ஆனது. பூச்சு வேலை முடிந்து 9 லட்சம். மொத்தம் 27 லட்சத்துக்கு மாதம் 20,250. மிச்சம் 3 லட்சம் காம்பவுண்டு சுவருக்கும் வெளிப் பெயிண்டுக்கும். அதற்குள் கிரகப்பிரவேசம் வைத்துக் குடிபோய்விட்டார்கள். காம்பவுண்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், 3 லட்சம் வாங்கினால் வட்டி ஏறும் என்று விட்டுவிட்டார்கள்.

14 மாதம் கழித்து ஸ்டேட்மெண்டோடு வந்து நின்றார்கள். “சார், இவ்வளவு கட்டியிருக்கோம், பாக்கி அப்படியே இருக்கே?” பார்த்தேன். ஒவ்வொரு மாதமும் 20,250 பற்று, 20,250 வரவு. நிலுவை என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே எண்: 27,00,000.

அந்த 27 லட்சத்துக்கே, குடிபோன மாதம் இஎம்ஐ தொடங்கியிருந்தால் 20 வருஷத் தவணை சுமார் 24,300 வந்திருக்கும். அவர்கள் கட்டிக்கொண்டிருந்ததைவிட மாதம் நாலாயிரம்தான் அதிகம். அந்த நாலாயிரம் மிச்சம் என்று நினைத்ததால், 20 வருஷக் கெடு 14 மாதம் தள்ளிப்போனது. இனி ஆரம்பித்தாலும் அதே 240 தவணை கட்டியாக வேண்டும். ஆக, அந்த 14 மாதத்தில் கட்டிய 2,83,500 ரூபாய் மொத்தமும் மேல்செலவு. காம்பவுண்டே கட்டி முடித்திருக்கலாம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். மீதித் தொகை தேவையா இல்லையா என்று முடிவெடுங்கள். தேவையில்லை என்றால், “இதுவரை கொடுத்த தொகையோடு கடனை முடித்துக்கொண்டு, அடுத்த மாதத்திலிருந்து இஎம்ஐ தொடங்குங்கள்” என்று கிளைக்கு எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வாயால் சொன்னால் எந்தக் கிளையிலும் நடக்காது. தேவை என்றால், கேட்கும் பேப்பரைக் கொடுத்து உடனே வாங்கி முடியுங்கள்.

சில வங்கிகள் 18 மாதம் போல ஒரு கெடு வைத்து, நீங்கள் வாங்க வேண்டிய தவணை பாக்கி இருந்தாலும் இஎம்ஐயைத் தொடங்கிவிடும். உங்கள் கடன் அனுமதிக் கடிதத்தில் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள். கட்டுமானக் கால வட்டியை மாதாமாதம் வாங்காமல் அசலில் சேர்த்துவிடும் ஏற்பாடும் உண்டு. கையிலிருந்து எதுவும் போகாததால் அது சுகமாகத் தெரியும். வட்டிக்கு வட்டி ஏறுவது முடிவில்தான் தெரியும்.

ப்ரீ-இஎம்ஐயே கூடாது என்று நான் சொல்லவில்லை. வாடகை வீட்டில் இருந்துகொண்டு கட்டுபவர், வீடு முடியும்வரை வட்டி மட்டும் கட்டுவது நியாயமான ஏற்பாடு. வாடகை நின்ற மாதம் இஎம்ஐ தொடங்க வேண்டும்.

செக் மேஜையில் தூங்குவது

10 லட்சத்துக்கு 9 சதவீதத்தில் ஒரு நாள் வட்டி சுமார் 247 ரூபாய். செக் போட்ட தேதியிலிருந்து வட்டி ஓட ஆரம்பித்து, செக் உங்கள் கைக்குப் பத்து நாள் கழித்து வந்தால் 2,470 போயிற்று. வங்கிகள் இப்படிச் செய்வதைக் கண்டித்து 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கியே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. பணத்தை நேராகக் கணக்கில் போடச் சொல்லுங்கள். வட்டி தொடங்கிய தேதியையும் பணம் வந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

வட்டிதானே என்று ஒரு மாதம் விடுவது

சிபிலில் அதுவும் தவறிய தவணைதான்.

கட்டிய வட்டி முழுக்க வரியில் வந்துவிடும் என்று கணக்குப் போடுவது

வீடு முடியாத வருஷத்தில் வட்டிக்கு வரிக் கழிவு கிடையாது. கடனின் முதல் தவணை வாங்கியது 2023 ஜூனில், வீடு முடிந்தது 2025 பிப்ரவரியில் என்றால், 2024 மார்ச் 31 வரை கட்டிய வட்டியை ஐந்தாகப் பிரித்து, 2024-25 தொடங்கி ஐந்து வருஷம் காட்டலாம். ஆனால் குடியிருக்கும் வீட்டுக்கு வருஷ உச்சவரம்பு 2 லட்சம். இந்த ஐந்தில் ஒரு பங்கும் அதற்குள்தான் அடங்க வேண்டும். மேலே சொன்ன தம்பதியின் 27 லட்சத்துக்கு நடப்பு வருஷ வட்டியே 2,43,000. பழைய பங்குக்கு இடம் எங்கே? கணவனும் மனைவியும் வீட்டுக்கும் கடனுக்கும் கூட்டு உரிமையாளர்களாக இருந்து, இருவரும் வருமான வரி கட்டுபவர்களானால் ஆளுக்கு 2 லட்சம் உண்டு. அப்போது இடம் கிடைக்கும். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு இந்தக் கழிவே கிடையாது.

அடுக்குமாடி வாங்குபவர்கள்

பில்டர் பணம் கேட்டு அனுப்பும் டிமாண்ட் லெட்டருக்குச் சம்மதக் கையெழுத்துப் போடுமுன் சைட்டுக்குப் போய், லெட்டரில் சொன்ன மாடிக்குக் கான்கிரீட் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். போட்டிராவிட்டால் கையெழுத்து வேண்டாம்.