30 நொடியில் வாடகை வீடு: அழகாபுரம் இரண்டு பெட்ரூமுக்கு ஒரு ஸ்கிரிப்ட்

வீட்டை வீடியோ எடுப்பது பெரும்பாலான புரோக்கர்களுக்குக் கை வந்த விஷயம். சிக்கல் பேச்சில்தான். 30 நொடிக்குள் நிதானமாகச் சொல்ல முடிவது சுமார் 50 தமிழ்ச் சொற்கள். அதற்கு மேல் எழுதினால் கடைசியில் வரும் தொடர்பு விவரம்தான் அவசரத்தில் விழுங்கப்படும். அதனால் முதலில் எழுதி, சொற்களை எண்ணி, பிறகுதான் கேமராவைத் தொட வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு சேலம் அழகாபுரத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு. வாடகை 14,000, மெயின்டனன்ஸ் 1,000, அட்வான்ஸ் 50,000 என்று வைத்துக்கொள்வோம்.

வாடகை (0–7 நொடி)

"அழகாபுரத்தில் ரெண்டு பெட்ரூம் வீடு. வாடகை பதினாலாயிரம். மெயின்டனன்ஸ் ஆயிரம் தனி. அட்வான்ஸ் அம்பதாயிரம்."

மூன்று தொகையும் ஒரே மூச்சில் வர வேண்டும். "வாடகை நேரில் பேசிக்கலாம்" என்று விட்டால் 8,000 ரூபாய்க்கு வீடு தேடுபவரும் கூப்பிடுவார். இருவருக்கும் நேரம் வீண். மெயின்டனன்ஸை மறைத்தால் வீடு பார்க்க வந்த இடத்தில் பேச்சு முறியும். வாடகை 14,500 என்றால் "பதினாலாயிரத்து ஐந்நூறு" என்று இழுக்காமல் "பதினாலு ஐநூறு" என்று சொல்லுங்கள். நம் ஊரில் அப்படித்தானே பேசுகிறோம்.

அளவு (7–16 நொடி)

"ரெண்டாவது மாடி, லிஃப்ட் இருக்கு. உள்ளளவு எண்ணூத்தி இருபது சதுரடி. ஹால் பதினாறுக்குப் பதினொண்ணு. ஒரு கார் நிறுத்தலாம்."

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஓனர் "1,050 சதுரடி" என்பார். அதில் மாடிப்படி, லிஃப்ட், வராண்டா போன்ற பொது இடத்தின் பங்கும் வெளிச்சுவரும் சேர்ந்திருக்கும். அதையே வீடியோவில் சொன்னால் வந்து பார்ப்பவருக்கு வீடு சிறியதாகப் படும், பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டார். ஒவ்வொரு அறையையும் சுவருக்குச் சுவர் அளந்து, நீள அகலத்தைப் பெருக்கிக் கூட்டுங்கள். சமையலறை, பாத்ரூம், உள்ளே நடக்கும் வழி எதுவும் விடுபடக் கூடாது. பால்கனியைச் சேர்க்க வேண்டாம், தனியாகக் காட்டினால் போதும். டேப் பிடிக்க இரண்டு ஆள் வேண்டும். லேசர் மீட்டர் இருந்தால் ஒருவரே முடித்துவிடலாம். என் ஓட்டு லேசருக்கே.

மொத்தச் சதுரடியை விட ஹால் அளவு பயன்படும். 16-க்கு 11 என்றால் தன் சோபாவும் டைனிங் டேபிளும் கொள்ளுமா என்று கேட்பவர் உடனே கணக்குப் போடுவார்.

காட்சியில் 0.5 லென்ஸ் வேண்டாம். அது அறையை மண்டபம் போல் விரித்துக் காட்டும். பாத்ரூம் போன்ற இடுக்கான இடத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கம்பக்கம் (16–25 நொடி)

"வாசல்ல இருந்து மளிகைக் கடை ரெண்டு நிமிஷம் நடை. அஞ்சு ரோடு பைக்கில் ஆறு நிமிஷம். போர் தண்ணி, மேட்டூர் தண்ணி ரெண்டும் இருக்கு."

மூன்றோடு நிறுத்துங்கள். "எல்லாமே பக்கத்தில்" என்பதில் தகவல் எதுவும் இல்லை. நேரத்தைச் சொல்லும்போது நடையா பைக்கா என்றும் சேர்க்க வேண்டும். அதை வீட்டு வாசலில் கிளம்பி, காலை ஒன்பது மணிவாக்கில் ஓட்டிப் பாருங்கள். ஞாயிறு மதியம் எடுத்த கணக்கு திங்கட்கிழமை பொய்க்கும். மேட்டூர் தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று ஓனரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், முதல் போனிலேயே அது வரும்.

தொடர்பு (25–30 நொடி)

"பார்க்கணும்னா திரையில இருக்கிற நம்பருக்கு 'அழகாபுரம்'னு வாட்ஸ்ஆப் பண்ணுங்க."

நம்பரை வாயால் படிக்காதீர்கள். பத்து இலக்கத்துக்கு ஐந்தாறு நொடி போகும், கேட்பவர் கையில் பேனாவும் இருக்காது. முதல் நொடியிலிருந்தே திரையில், ஐந்து ஐந்து இலக்கமாகப் பிரித்துப் போடுங்கள். கீழே எழுதும் விவரத்தில் மட்டும் போட்டால், வீடியோ குரூப் குரூப்பாக ஃபார்வர்ட் ஆகும்போது அது கழன்றுவிடலாம். ரீல்ஸில் திரையின் அடிப்பகுதியையும் வலது ஓரத்தையும் பெயரும் பட்டன்களும் மறைக்கும். நடுவுக்குச் சற்றுக் கீழே இருந்தால் தப்பிக்கும். ஊர்ப் பெயரை அனுப்பச் சொல்வது, பல வீடுகள் கையில் இருக்கும்போது எந்த வீட்டுக்கான விசாரணை என்று தெரிவதற்காக.

குரலை நடந்துகொண்டே பதியாமல், ஜன்னலைச் சாத்திய அறையில் தனியாகப் பதியுங்கள். காலி வீட்டு ஹால் எதிரொலிக்கும். பிறகு குரலின் நீளத்துக்குக் காட்சியை வெட்டுங்கள். காட்சிக்கு ஏற்பக் குரலை ஓட்டினால் வேகம் கூடிவிடும்.

பிறகு சேர்த்தது: கமிஷனை எங்கே சொல்வது என்று சிலர் கேட்டார்கள். பேச வேண்டாம், கடைசி ஐந்து நொடியில் நம்பருக்கு மேலே "கமிஷன் ஒரு மாத வாடகை" என்பது போல, நீங்கள் வாங்குவதை எழுத்தில் போடுங்கள்.

ஏற்காட்டு வீடுகளுக்கு மூன்றாவது பகுதி மாறும். அங்கே பைக்கில் எத்தனை நிமிஷம் என்பதை விட, வாசல் வரை கார் ஏறுமா, வீட்டுக்குள் எந்த சிம்முக்கு சிக்னல் கிடைக்கிறது, கோடையில் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. வீட்டின் தூரத்தை ஏற்காடு ஏரியிலிருந்து கணக்கிட்டுச் சொல்லுங்கள், புதிதாக வருபவருக்கும் அந்த இடம் தெரியும்.