P0299 வந்ததும் டர்போவை மாற்றாதீர்கள்: முதலில் பார்க்க வேண்டியவை

கடலூர் கேப்பர் மலை ஏற்றத்தில்தான் எனக்கு முதலில் தெரிந்தது. வண்டியில் ஐந்து பேர், ஏசி ஓடுகிறது, மூன்றாவது கியர். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தும் வண்டி திணறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. மேலே போய்ச் சேர்வதற்குள் இன்ஜின் விளக்கு எரிந்து, பவர் குறைக்கப்பட்டதாக எச்சரிக்கையும் வந்துவிட்டது. அதற்குப் பிறகு எவ்வளவு மிதித்தாலும் 2,500 ஆர்பிஎம் தாண்டவில்லை.

வண்டி 1.3 லிட்டர் டீசல், 92,000 கிலோமீட்டர் ஓடியது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேன் செய்துவிட்டு, "டர்போ போச்சுங்க, 45,000 ஆகும்" என்றார்கள். கடைசியில் 1,900 ரூபாய் ஹோஸ் ஒன்றில் வேலை முடிந்தது. அதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. எரர் கோடைப் படியுங்கள், அழிக்காதீர்கள்

ELM327 புளூடூத் ஸ்கேனர் ஒன்று போதும். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள போர்ட்டில் செருகி, போனில் ஆப்பைத் திறங்கள். ஐபோன் வைத்திருப்பவர்கள் தங்கள் போனோடு சேருமா என்று கேட்டு வாங்குங்கள், விலை மலிந்த பல ஸ்கேனர்கள் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் வேலை செய்கின்றன.

எனக்கு வந்தது P0299. கம்ப்யூட்டர் கேட்ட அளவு காற்றழுத்தம் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். ஏன் வரவில்லை என்று அது சொல்லாது. டர்போ தேய்ந்தாலும் இதே கோடு, ஹோஸ் கிழிந்தாலும் இதே கோடு. கோடோடு `Freeze Frame` என்று ஒரு பக்கம் இருக்கும். தவறு நடந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் தெரியும். கோடை அழித்தால் அதுவும் போய்விடும், ஆகவே முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

2. அழுத்தத்தை அளவிடுங்கள் (நான் வழுக்கிய இடம்)

லைவ் டேட்டாவில் `Intake Manifold Pressure` என்ற எண்ணைத் தேர்ந்தெடுங்கள். வண்டியை ஓட்டிப் பார்த்தபோது எனக்கு 112 kPa காட்டியது. 100 kPa என்றால் ஒரு பார், அப்படியானால் டர்போ ஒரு பாருக்கு மேல் தள்ளுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் டீசல் ஃபில்டரையும் இன்ஜெக்டரையும் சந்தேகப்பட்டுக் கொண்டிருந்தேன்.

தவறு இதுதான்: அந்த எண்ணில் வெளிக்காற்றின் அழுத்தமும் சேர்ந்திருக்கிறது. இன்ஜினை ஆன் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பிப் பாருங்கள். கடலூரும் புதுச்சேரியும் கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்கள் என்பதால் 100 அல்லது 101 காட்டும். அதுதான் பூஜ்ஜியம். 112 காட்டினால் டர்போ கொடுப்பது வெறும் 11. இந்த ஊர்களில் வேறு ஏதாவது எண் காட்டினால், உதாரணத்துக்கு 85 என்றால், முதலில் சென்சாரையே சந்தேகப்படுங்கள். டீசலில் அதன் முனையில் கரி படிவது சகஜம்.

பூஜ்ஜியம் தெரிந்த பிறகு, காலியான நேராக உள்ள சாலையில் மூன்றாவது கியரில் 1,500 ஆர்பிஎம்மிலிருந்து முழுதாக மிதித்து 3,000 வரை போங்கள். போனைப் பார்க்கப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். என் தம்பி உட்கார்ந்தான். 2,000 ஆர்பிஎம்மில் 112, 2,500-ல் 128. ஹோஸ் மாற்றிய பிறகு அதே சாலையில் 205, 226. எந்த வண்டிக்கு எவ்வளவு வரவேண்டும் என்பது இன்ஜினைப் பொறுத்தது. ஆனால் இப்படிப்பட்ட டீசலில் முழு லோடில் 130-ஐத் தாண்டவில்லை என்றால் காற்று எங்கோ போகிறது, அல்லது டர்போ தள்ளவில்லை.

3. ஹோஸைத் தடவிப் பாருங்கள்

டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கு ஒரு ஹோஸ், அங்கிருந்து இன்ஜினுக்கு ஒரு ஹோஸ். இன்ஜின் ஆறிய பிறகு இரண்டையும் முழுக்கப் பாருங்கள். மேலிருந்து பார்த்தபோது என் ஹோஸ் புதிது போல இருந்தது. அரியாங்குப்பத்தில் எனக்குப் பழக்கமான மெக்கானிக் ஒருவர் போனில், "அண்ணே, கண்ணால பாக்காதீங்க, கீழ்ப்பக்கம் விரல் விட்டுத் தடவுங்க" என்றார். கிளாம்ப்பை ஒட்டி, ஒரு இரும்புப் பட்டையில் உரசிய இடத்தில், விரல் ஈரமாக எண்ணெய்ப் பிசுக்கில் வழுக்கியது. அழுத்தி மடக்கியதும் நான்கு சென்டிமீட்டர் பிளவு வாய் திறந்தது. விட்டதும் மூடிக்கொண்டது. ஐடிலில் காற்று கசியாது, அழுத்தம் ஏறும்போது மட்டும்தான் விரியும். அதனால்தான் வண்டி நின்ற இடத்தில் நன்றாக ஓடி, ஏற்றத்தில் மட்டும் திணறியது.

ஹோஸுக்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது இயல்பு, வெளியே தூசியோடு சேர்ந்து கருப்பாகப் படிந்திருந்தால் அந்த இடத்தில் கசிவு உண்டு. டேப் சுற்றாதீர்கள், அந்த வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் ஒரு வாரம் தாங்காது. புது ஹோஸ் மாட்டும்போது குழாய் முனையில் உள்ள எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் முதல் ஏற்றத்திலேயே கழன்றுகொள்ளும். திருகு கிளாம்ப்பை விட போல்ட் போட்டு இறுக்கும் கிளாம்ப்தான் எனக்குப் பிடிக்கும், சுற்றிலும் ஒரே சீராக இறுக்குகிறது.

4. ஹோஸ் நன்றாக இருந்தால் ஆக்சுவேட்டர்

பல டீசல் வண்டிகளில் டர்போ பிளேடுகளின் கோணத்தை ஒரு கம்பி மாற்றும். வேக்குவம் வைத்து அந்தக் கம்பியை இழுப்பதுதான் ஆக்சுவேட்டர். ஒருவர் இன்ஜினை ஸ்டார்ட் செய்யட்டும், நீங்கள் கம்பியைப் பாருங்கள். ஸ்டார்ட் ஆனதும் இழுபட வேண்டும், ஆஃப் செய்ததும் திரும்ப வேண்டும். அசையவே இல்லையென்றால் அதற்குப் போகும் மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றிப் பாருங்கள், சூட்டில் இறுகி முனையில் வெடித்திருக்கும். குழாய் நன்றாக இருந்தால் கை வேக்குவம் பம்ப்பை ஆக்சுவேட்டரில் இணைத்து இழுங்கள். கம்பி தடையில்லாமல் நகர்ந்து, ஒரு நிமிடமாவது அங்கேயே நிற்க வேண்டும். மெதுவாகத் தளர்ந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பாதியில் சிக்கினால் பிளேடுகளில் கரி. எலக்ட்ரிக் ஆக்சுவேட்டர் உள்ள வண்டிக்கு இந்தச் சோதனை பொருந்தாது.

5. டர்போவே போயிருந்தால்

நீல நிறப் புகை, ஆயில் அளவு இறங்குதல், சங்கு ஊதுவது போன்ற சத்தம். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் வண்டியை நிறுத்திவிட்டு டோ செய்யுங்கள். சீல் போன டர்போவிலிருந்து வரும் ஆயிலையே எரித்து டீசல் இன்ஜின் சாவியை எடுத்தாலும் நிற்காமல் ஓட வாய்ப்புண்டு. மற்றபடி, ஏர் ஃபில்டர் பக்க ஹோஸைக் கழற்றி ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கலாம், முன்னும் பின்னும் ஆட்டம் உணரவே கூடாது.

பிற்சேர்க்கை: பெட்ரோல் டர்போ வைத்திருப்பவர்களுக்கு

புதுச்சேரியிலிருந்து ஒருவர், "ஐடிலில் எனக்கு 35 kPa தான் காட்டுகிறது, சென்சார் போய்விட்டதா?" என்று கேட்டிருந்தார். போகவில்லை. பெட்ரோலில் ஐடிலில் த்ராட்டில் மூடியிருப்பதால் 30 முதல் 40 வரை காட்டுவது இயல்பு. சாவியை மட்டும் திருப்பிப் பார்க்கும்போது 100 வந்தால் போதும். ஹோஸ் சோதனை அப்படியே பொருந்தும், ஆக்சுவேட்டருக்குப் பதிலாக, டர்போவுக்குப் போகாமல் புகையைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் மூடுகிறதா என்று பாருங்கள். கூடவே, மிதித்த காலை எடுக்கும்போது அழுத்தத்தைத் திருப்பிவிடும் டைவர்ட்டர் வால்வையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அவருடைய வண்டியில் அந்த வால்வின் ரப்பர் ஓரம் கிழிந்திருந்தது.