மாஸ்யுவில் நடு முத்து காட்டிய பிழை

ஜப்பானின் நிகோலி இதழ் பரப்பிய மாஸ்யு, கட்டங்களில் உள்ள எல்லா முத்துகளின் வழியாகவும் ஒரே மூடிய கோட்டை வரையும் புதிர். அதில் வெள்ளை முத்தைக் கோடு நேராகக் கடந்து அதன் முன்கட்டத்திலோ பின்கட்டத்திலோ திரும்ப வேண்டும். கறுப்பிலோ அங்கேயே திரும்பி, இருபுறமும் அடுத்த கட்டத்தை நேராகக் கடக்க வேண்டும்.

ஒரு 10×10 புதிரின் ஐந்தாம் வரிசையில் 4, 5, 6ஆம் கட்டங்களில் வெள்ளையும் ஏழாவதில் கறுப்பும் இருந்தன. நான்கையும் கிடைக்கோட்டால் இணைத்தேன். கறுப்பில் கோடு திரும்பியதால் மூன்றாம் வெள்ளையின் விதி நிறைவேறியது. அதுவே என்னை ஏமாற்றியது. வெகுநேரம் கழித்துத்தான் நடு வெள்ளையின் இருபுறமும் திருப்பமே இல்லை என்று கண்டேன்.

அழித்துவிட்டு மூன்றிலும் செங்குத்துக் கோடுகளை வரைந்தேன். கறுப்புக்கு இடப்புறம் அடைபட்டதால், அதன் கிடைக்கோடு வலப்புறம் எட்டாம் கட்டத்தைக் கடந்து ஒன்பதாம் கட்டத்தைத் தொட்டே ஆக வேண்டியதாயிற்று.