"டென்ஷன்" என்பதோடு நிறுத்தாதீர்கள்

மனதில் ஓடும் உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தால் அதன் வேகம் குறையும். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சிலந்திக்குப் பயப்படுபவர்களை உயிருள்ள டாரன்டுலா சிலந்தியின் அருகே போகச் சொன்னார்கள். சிலர் தங்கள் பயத்தை அப்படியே வார்த்தையில் சொன்னார்கள். வேறு சிலர் "இது ஒன்றும் செய்யாது" என்று தங்களைத் தேற்றிக்கொண்டார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, பயத்தைச் சொன்னவர்களுக்குத்தான் உடலின் பதற்றம் அதிகம் தணிந்திருந்தது. தேற்றிக்கொள்வதுதான் உதவும் என்று நாம் நம்புவதால், எனக்கு இது முக்கியமாகப் படுகிறது.

சரியான பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது? நடந்ததில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றிப் பாருங்கள். மேலாளர் எல்லார் முன்னாலும் உங்கள் தவறைச் சொல்லிவிட்டார், மாலை வரை கொதிக்கிறது. தனியாக அழைத்துச் சொல்லியிருந்தால் இவ்வளவு வலித்திருக்குமா? இல்லையென்றால் அது வெறும் கோபம் அல்ல, அவமானம். அப்போதும் வயிறு கலங்கும் என்றால் வேலையைப் பற்றிய பயமும் கலந்திருக்கிறது. அவமானம் என்றால் மறுநாள் அவரிடம் தனியாகப் பேசலாம். பயம் என்றால் தவறைத் திருத்தி அனுப்புவது முதல் வேலை.

"எல்லார் முன்னாலும் சொன்னதால் அவமானமாக இருக்கிறது" என்று ஒரே வாக்கியமாக எழுதிவிட்டு நிறுத்திவிடுங்கள். "எனக்கு மட்டும் ஏன்?" என்று மனம் திரும்பத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தால், அது பெயர் வைப்பது இல்லை, புலம்பல். அப்புறம் வலி கூடத்தான் செய்யும்.